அந்த ஏழு எண்கள்

முதுநிலைச் சேர்க்கைக்கான நேர்காணலில் என்னிடம் கேட்ட கேள்விகளில் பாதி மறந்துபோய்விட்டன. ஒரு துண்டுக் காகிதம் மட்டும் மறக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பேராசிரியை அதில் ஏழு எண்களை எழுதி என் பக்கம் தள்ளினார். அடுத்த ஐந்து நிமிடத்தில் என் இளநிலை ப்ராஜெக்டின் ஐந்தாம் அத்தியாயம் முழுவதும் என் வாயாலேயே கழன்று விழுந்தது. வெளியே வந்ததும் நண்பர்களிடம், "வேணும்னே மடக்கினாங்கடா" என்று சொன்னேன். பல வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சில சமயம் நானே அந்த மேசையின் மறுபக்கம் உட்கார வேண்டியிருக்கிறது. பழைய கருத்தை அப்படியே வைத்துக்கொள்ள முடியவில்லை; தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ப்ராஜெக்ட் என்னவென்று சொன்னால் வேதியியல், வேதிப் பொறியியல் படித்தவர்கள் சிரிப்பார்கள். நிலக்கடலை ஓட்டைக் கரியாக்கி, அதைக் கொண்டு தண்ணீரிலிருந்து மெத்திலீன் நீலச் சாயத்தை அகற்றுவது. ஓட்டுக்குப் பதில் உமி, தேங்காய்ச் சிரட்டை, மரத்தூள் என்று எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். சாயம் மட்டும் பெரும்பாலும் அதேதான். லிட்டருக்கு 50 மில்லிகிராம் சாயம் உள்ள கரைசல் 100 மில்லிலிட்டர் எடுத்து, 0.1 கிராம் கரியைப் போட்டு, குலுக்கியில் வைத்து, குறித்த நேரத்தில் வடிகட்டி, மிச்சமிருக்கும் நிறத்தை 664 நானோமீட்டரில் அளப்போம். இரண்டு மணி நேரம் கழித்துக் கரைசலில் லிட்டருக்கு 2 மில்லிகிராம்தான் மிச்சம். அதாவது 96 சதவீதம் நீக்கம். அறிக்கையின் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் அந்த 96 இருந்தது.

முதல் கேள்வி மிகச் சாதாரணமானது. "நாலு பேர் சேர்ந்து செஞ்சிருக்கீங்க. இதுல உங்க கை பட்டது எது?" நான் "கரி தயாரிச்சோம், அளந்தோம், மாடல் பொருத்தினோம்" என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாக, "நாங்கன்னு சொல்லாதீங்க, நான்னு சொல்லுங்க" என்றார். இதில் மடக்குதல் எதுவும் இல்லை என்று இப்போது தெரிகிறது. அடுத்து எங்கே தோண்டலாம் என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். உலையைத் தொடாதவனிடம் உலையின் வெப்பநிலையைக் கேட்டு என்ன பயன்? நான் வடிகட்டி அளந்தவன், கணக்குப் போட்டவன். அதைச் சொன்னேன். அப்படிச் சொன்னதும் கேள்விகள் அந்த இரண்டு இடத்துக்கே வந்து நின்றன.

தாள் எவ்வளவு குடித்தது?

"கரியைக் கரைசல்ல இருந்து எப்படிப் பிரிச்சீங்க?" இன்னொரு பேராசிரியர் கேட்டார். "ஃபில்டர் பேப்பர் சார்." "கரி போடாத வெறும் சாயக் கரைசலை அதே பேப்பர்ல ஊத்திப் பாத்தீங்களா?" இல்லை என்றேன். ஏன் ஊற்ற வேண்டும் என்றே எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கவும் இல்லை. "பேப்பர் எதால ஆனது?" என்று மட்டும் கேட்டார். செல்லுலோஸ் என்றேன். "மெத்திலீன் ப்ளூவோட மின்சுமை?" நேர்மின். சொல்லும்போதே உள்ளுக்குள் ஏதோ வழுக்கியது. நீரில் செல்லுலோஸ் மேற்பரப்பு சற்று எதிர்மின் தன்மையோடு இருக்கும். நேர்மின் சாயம் அதில் ஒட்டும். அப்படியானால் கரி பிடித்தது எவ்வளவு, தாள் பிடித்தது எவ்வளவு? என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்குப் போனதும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம், தாள் எவ்வளவு குடித்திருக்கும், கொஞ்சம்தானே என்பது. அந்தச் சமாதானத்தைக் கெடுத்தது பிறகு நானே செய்த சோதனை. கல்லூரிக்குத் திரும்பப் போய், ஜூனியர் ஒருவனைப் பிடித்து, கரியே இல்லாமல் மூன்று செறிவில் சாயக் கரைசல் கலக்கி, அதே தாளில் 10 மில்லிலிட்டர் ஊற்றி வந்ததை அளந்தோம். 50 மில்லிகிராம் கரைசல் 46 ஆக வந்தது. 10 மில்லிகிராம், 7 ஆனது. 4 மில்லிகிராம், 2 ஆனது. எங்கள் தாளுக்கு, எங்கள் அளவுக்கு வந்த எண்கள் இவை. வேறு தாளில் வேறு மாதிரி வரும். முதலில் வடியும் கொஞ்சத்தைக் கொட்டிவிட்டு அடுத்து வருவதை அளந்தால் இழப்பு குறைகிறது. தாளையே விட்டுவிட்டுக் குழாயில் ஊற்றி மையவிலக்கியில் சுற்றினால் இந்தத் தொல்லையே கிடையாது.

செறிவு குறையக் குறையத் தாள் தின்னும் பங்கு கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். நாங்கள் "2 மிச்சம்" என்று எழுதியது உண்மையில் 4 ஆக இருந்திருக்கும். சதவீதத்தில் பார்த்தால் 96 போய் 92 வருகிறது. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் சமநிலைச் செறிவு என்று அடுத்த கணக்கில் போய் உட்காருவது அந்த மிச்சம்தான், அது இரண்டு மடங்கு ஆகிவிட்டது. ஒரு கிராம் கரி பிடித்த சாயத்தை மிச்சமிருக்கும் செறிவால் வகுத்தால் முன்பு 48/2, அதாவது 24 வந்தது. இப்போது 46/4, அதாவது 11.5. கரிக்குச் சாயத்தின் மேல் எவ்வளவு ஈர்ப்பு என்று நாங்கள் பெருமையாக எழுதியதில் பாதி காணாமல் போனது. நீக்கச் சதவீதம் என்கிற எண் தவறை மூடி வைக்கும், மிச்சம் என்கிற எண் அதைக் காட்டிக்கொடுக்கும். நேர்காணலில் அவர் என் 96-ஐப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் நேராகத் தாளுக்குப் போனதன் காரணம் இது என்று நினைக்கிறேன்.

நேர்கோடு

இனி அந்தக் காகிதம். என் அறிக்கையில் நான் அதிகம் நம்பிய படம் ஒன்று உண்டு. சாயம் எவ்வளவு வேகமாகக் கரியில் ஏறுகிறது என்பதற்கு இரண்டு பழைய மாதிரிகளைப் பொருத்திப் பார்ப்பது எங்கள் துறையில் கிட்டத்தட்டச் சடங்கு. ஒன்று 1898-இல் லாகர்கிரென் எழுதியது, போலி முதல்வகை. மற்றது போலி இரண்டாம் வகை. ஹோ, மக்கே இருவரும் 1990-களின் கடைசியில் பரவலாக்கியது. இரண்டாவதை நேர்கோடாக எழுதினால் இப்படி வரும்:

```
t/q = 1/(k·qe²) + t/qe
```

t என்பது நேரம், q என்பது அந்த நேரத்தில் ஒரு கிராம் கரி பிடித்திருக்கும் சாயம், qe சமநிலையில் பிடித்திருப்பது, k வேக மாறிலி. t/q-வை t-க்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். எனக்கு வந்தது. புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒட்டுகின்றன என்று சொல்லும் எண்ணான R² 0.999, 1 என்றால் முழுப் பொருத்தம். முதல்வகை மாதிரிக்கு 0.91தான். ஆகவே இரண்டாம் வகையே பொருந்துகிறது, ஆகவே சாயம் வேதிப் பிணைப்பால் ஒட்டுகிறது என்று இரண்டு "ஆகவே" போட்டு அத்தியாயத்தை முடித்திருந்தேன்.

பேராசிரியை அந்தப் படத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகுதான் காகிதத்தில் எழுதினார்:

```
t (நிமிடம்)     :   5   10   20   30   60   90  120
q (மி.கி/கிராம்) :  40   48   42   47   41   48   44
```

"இது வேற ஒரு பொருளோட தரவு. இரண்டாம் வகை பொருந்துதான்னு பாருங்க." கால்குலேட்டர் கொடுத்தார்கள். வகுத்தேன்: 0.125, 0.208, 0.476, 0.638, 1.463, 1.875, 2.727. பலகையில் புள்ளி வைத்தேன். அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி கோடு ஏறியது. "பொருந்துது மேடம்." "அப்படின்னா என்ன சொல்லலாம்?" நான் உற்சாகமாக, வேகமான பரப்புக் கவர்தல், வேதிப் பிணைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம், சாய்விலிருந்து qe சுமார் 45 என்றெல்லாம் சொன்னேன். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இந்த q எல்லாம் இப்ப என் மனசுல தோணினபடி எழுதினது."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கற்பனை எண்களுக்கு t/q, t இரண்டுக்கும் இடையே R² 0.993. q-வை நேரடியாக t-க்கு எதிராக வைத்தால் R² 0.03. அதாவது q-வுக்கும் நேரத்துக்கும் உறவே இல்லை. உறவு எங்கிருந்து வந்தது? படத்தின் இரண்டு அச்சிலும் t இருக்கிறது. நேரம் 5-லிருந்து 120 வரை இருபத்து நான்கு மடங்கு வளர்கிறது. q-வோ 40-க்கும் 48-க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருக்கிறது. இருபத்து நான்கு மடங்கு வளரும் ஒன்றை ஏறத்தாழ மாறாத ஒன்றால் வகுத்து, அதை அதே வளரும் ஒன்றுக்கு எதிராகவே வரைந்தால் கோடு வராமல் என்ன செய்யும்? விகிதங்களில் பொதுவான ஒரு அளவு ஒளிந்திருந்தால் இல்லாத தொடர்பு இருப்பதுபோலத் தெரியும் என்று கார்ல் பியர்சன் 1897-இலேயே எச்சரித்திருக்கிறார். லாகர்கிரெனின் கட்டுரைக்கு ஒரு வருடம் முன்பு. எனக்கு அது தெரிய வந்தபோது பட்டமே வாங்கியிருந்தேன்.

என் சொந்தத் தரவையும் அதே மாதிரி எடுத்துப் பார்த்தேன். முதல் மாதிரியை எடுத்தது ஐந்தாவது நிமிடத்தில். அதற்குள்ளேயே q 41-ஐத் தொட்டிருந்தது. கடைசியில் நின்றது 48-இல். ஆக, சாயம் ஏறியதில் ஆறில் ஐந்து பங்கு நான் முதல் குப்பியைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. வேகத்தைப் பற்றிய அத்தியாயம் எழுதியவன் வேகம் நடந்த நேரத்தில் எதையும் அளக்கவில்லை. கோட்டின் சாய்வு qe-யைத் தரும், அதைப் பின்நேரப் புள்ளிகள் தாங்கிப் பிடிக்கின்றன, அது சரியாகவே வரும். k வருவதோ கோடு அச்சை வெட்டும் இடத்திலிருந்து. அந்த வெட்டு பூச்சியத்தை ஒட்டிய ஒரு சின்ன எண். அதை நிர்ணயிக்க வேண்டியவை முதல் ஐந்து நிமிடப் புள்ளிகள், அவை என்னிடம் இல்லவே இல்லை. R² இத்தனையையும் 0.999 என்ற போர்வைக்குள் சுருட்டி வைத்திருந்தது. q-வை வகுக்காமல் பெருக்காமல் நேராக t-க்கு எதிராக ஒரே ஒரு தடவை வரைந்திருந்தால், எழும்பவே இல்லாத அந்தத் தட்டையான வளைவை நானே பார்த்திருப்பேன்.

வேதிப் பிணைப்பு என்ற முடிவைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகம் இல்லை. கோடு பொருந்துவதால் பிணைப்பின் வகை தெரிந்துவிடாது. வெவ்வேறு வெப்பநிலைகளில் செய்திருக்க வேண்டும், ஒட்டிய சாயத்தைக் கழுவி எடுக்க முடிகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை.

நியாயமா?

இங்கேதான் என் மனம் பல வருடம் சுற்றிச் சுற்றி வந்தது. நான் செய்ததை அப்படியே செய்த கட்டுரைகள் ஆய்விதழ்களில் குவிந்து கிடக்கின்றன. என் கைடு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார், அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார். ஒரு துறையே சேர்ந்து செய்யும் தவறுக்கு இருபத்தொரு வயதுப் பையனைப் பலகை முன்னால் நிறுத்தலாமா?

இந்த ஆதங்கத்தில் இன்னும் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்க்கும்போது மோசமான கேள்விகளும் கண்ணில் படத்தான் செய்கின்றன. ஃபிராயிண்ட்லிச் மாறிலியின் அலகு என்ன என்று கேட்டு மாணவர் தடுமாறியதும் முகத்தில் ஒரு திருப்தி காட்டுகிறவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு நினைவிருந்தால் பதில் உண்டு, இல்லையென்றால் யோசித்துப் பெரிதாக எதுவும் கிடைக்காது. தான் அந்த வாரம் படித்த கட்டுரையிலிருந்து கேள்வி எடுக்கிறவர்களும் உண்டு. அது சக பேராசிரியருக்கு எறியும் பந்து, நடுவில் மாணவர் நிற்கிறார்.

என்னிடம் கேட்டவை அப்படிப்பட்டவை இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் இவ்வளவு நாளாயிற்று. தாளைப் பற்றிய கேள்விக்குப் பதில் என் கையில் இருந்தது, நான்தான் தினமும் வடிகட்டினேன். ஏழு எண்களுக்கு வகுத்தலும் பார்வையும் போதும். பியர்சனைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. q மேலும் கீழுமாகக் குதிக்கிறது, நாற்பத்தெட்டுக்குப் போய் நாற்பத்திரண்டுக்கு இறங்குகிறது, கரி பிடித்த சாயத்தைத் திரும்பத் திரும்பக் கக்குமா என்று ஒரு நொடி வியந்திருந்தாலே போதும். நான் அந்த வரிசையைப் பார்க்கவே இல்லை. நேராக வகுக்கப் போய்விட்டேன்.

அதைவிட மோசமானது நான் அடுத்துச் சொன்னது. எண்கள் கற்பனை என்று தெரிந்ததும் என் வாயில் வந்த வாக்கியம்: "ஆனா எல்லாப் பேப்பர்லயும் இப்படித்தான் மேடம் போடுறாங்க." அவர் தலையாட்டினார், காகிதத்தை மடித்து வைத்தார். எனக்கு இடம் கிடைக்காமல் போனதற்கு என்ன காரணம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். ஆனால் இப்போது அந்தப் பக்கம் உட்கார்ந்து இதே வாக்கியத்தை வேறு வேறு வடிவில் கேட்கும்போது என் பேனா எங்கே நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்தது பரவாயில்லை. தெரிந்த பிறகு "அப்ப என் படத்துலயும் இதுதான் நடந்திருக்கா?" என்று கேட்டு அறிக்கையைத் திருப்புகிற மாணவர்கள் இருக்கிறார்கள், குறைவுதான். அவர்களுடன் மீதி நேரம் பேசிக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

"உங்களுக்கு எதுல ஆர்வம்?"

இந்தக் கேள்வி கடைசியில் வந்தது. விண்ணப்பத்தில் "நீர்ச் சுத்திகரிப்புக்கான நானோ கலப்புப் பொருட்கள்" என்று எழுதியிருந்தேன். ஏன் நானோ என்றார்கள். மேற்பரப்பு அதிகம் என்றேன். "நல்ல கரியிலேயே ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் கிடைக்குமே. அதுக்கு மேல நானோ என்ன தருது?" தெரியவில்லை. "சரி, அவ்வளவு பொடியானதைத் தண்ணியில இருந்து எப்படிப் பிரிப்பீங்க?" மறுபடியும் பிரிப்பதற்கே வந்துவிட்டார்கள். "சமீபத்துல படிச்ச பேப்பர் ஒண்ணுல உங்களுக்கு ஒத்துவராத இடம் ஏதாவது இருந்ததா?" படித்த கட்டுரைகள் எல்லாமே எனக்கு ஒத்துவந்தன. எனக்கு ஒத்துவந்ததா என்று யாராவது கேட்பார்கள் என்றே நினைத்துப் படித்ததில்லை.

பிறகு தாளைப் பற்றிக் கேட்ட பேராசிரியர் போகிற போக்கில் சொன்னார்: "ரெண்டு நாள் லேப் குடுத்தா, அந்தத் தாள் விஷயத்தை எப்படிச் சரிபார்ப்பீங்க?" அதற்கு மட்டும் நன்றாகப் பதில் சொன்னேன். கரியில்லாத கரைசல் மூன்று செறிவில், ஒவ்வொன்றையும் தாளிலும் ஊற்றி மையவிலக்கியிலும் சுற்றி, முதலில் வடிந்ததையும் பிறகு வடிந்ததையும் தனித்தனியாக அளப்பேன் என்று அடுக்கினேன். பேசும்போது படபடப்பு நின்றிருந்தது. அவர், "மூணு செறிவு ஏன்?" என்றார். "குறைஞ்ச செறிவுல தாள் அதிகம் எடுக்கலாம் சார், ஒண்ணு மட்டும் பாத்தா தெரியாது." "ம்" என்றார். அன்றைக்கு அதை ஒரு சில்லறைக் கேள்வியாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆர்வம் பற்றிய கேள்வியில் ஏற்கெனவே தோற்றாயிற்று என்று முடிவு கட்டியிருந்தேன். விண்ணப்பத்தில் எழுதிய தலைப்பைப் பற்றிக் கேட்டது ஒரு கேள்வி, ஆர்வத்தைப் பற்றிக் கேட்டது இதுதான் என்று புரிய, அதே மாதிரி நானும் சிலரிடம் கேட்கத் தொடங்க வேண்டியிருந்தது.

மறு வருடம் வேறோரிடத்தில் சேர்ந்தேன். அந்த நேர்காணலில் ப்ராஜெக்ட் என்ன என்று கேட்டபோது 96 என்ற எண்ணைச் சொல்லவில்லை, தாளில் ஆரம்பித்தேன்.

போன முறை நான் உட்கார்ந்த பேனலில் ஒரு மாணவி வந்தாள். வேறு கரி, அதே மெத்திலீன் நீலம். எப்படிப் பிரித்தாய் அம்மா என்று கேட்டேன். "முதல்ல ஃபில்டர் பேப்பர்ல சார், அப்புறம் சென்ட்ரிஃப்யூஜுக்கு மாத்திட்டோம்." மாற்றச் சொன்னது யார்? "யாரும் சொல்லல சார். பேப்பரைக் காயவச்சப்ப ஓரமெல்லாம் நீலமா இருந்துச்சு. கரி பட்ட நடு கறுப்பா இருக்கணும் சரி, கரி படாத ஓரம் ஏன் நீலமாகணும்னு யோசிச்சோம்."

எங்கள் தாள்களும் ஓரம் நீலமாகத்தான் இருந்தன. வடிகட்டி முடித்ததும் நனைந்த தாளைச் சுருட்டித் தொட்டித் தண்ணீருக்குப் பக்கத்திலிருந்த குப்பைக் கூடையில் போடுவது என் வேலை. ஒரு பருவம் முழுக்கத் தினமும் பத்துப் பன்னிரண்டு தாள். விரல் நுனியில் நீலம் ஒட்டும், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அளக்கப் போவேன்.